அடுக்கின் கடைசி வரி

நல்லகாமன் என்ற பேரை முதன்முதலில் நான் ஒலிபெருக்கியில்தான் கேட்டேன். திருநகரில் ஒரு கல்யாண மண்டபம். என் வீட்டுக்காரர் வழியில் தூரத்துச் சொந்தம். தாலி கட்டி முடிந்து பந்திக்கு ஆள் கூப்பிடும் நேரத்தில், மைக்கைப் பிடித்த ஒருத்தர், "அடுத்து நல்லகாமன் எழுதிய வாழ்த்துமடல், அவரே வாசிப்பார்" என்றார். வாழ்த்துமடல் என்றால் அந்த வருசங்களில் மதுரைப் பக்கம் எல்லாக் கல்யாணத்திலும் ரோஸ் தாளில் அச்சடித்துக் கொடுப்பார்களே, மாப்பிள்ளை பெண் பேரைப் போட்டு நாலு பத்திப் பாட்டு, அதுதான். யாரும் வாசிக்க மாட்டார்கள். வெற்றிலை மடிக்க உதவும்.

அன்றைக்கு எல்லாரும் கேட்டார்கள். ஒல்லியாக, கழுத்து நீண்ட ஒரு பையன் ஏறி நின்று தாளைப் பார்க்காமலேயே சொன்னான்.

பட்டுச் சட்டை வந்துருச்சு
பவுனு மோதிரம் வந்துருச்சு
பத்து வண்டி சொந்தபந்தம்
பரபரன்னு வந்துருச்சு
மேளம் வந்து எறங்கிருச்சு
மாலை வந்து காத்துருச்சு
எல்லாம் வந்து சேந்த பின்னே
எந்திரிச்சாரா மாப்பிள்ளை?

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்துவிட்டான். உண்மையிலேயே அவன் அன்று காலை தூங்கிப்போய் முகூர்த்தத்துக்கு ஓடிவந்தவன். தவில்காரர் சிரிப்புக்குத் தோதாக ஒரு தட்டுத் தட்டினார். எனக்குப் பக்கத்தில் என் தங்கச்சி தங்கப்பொண்ணின் வீட்டுக்காரர் முத்துக்கருப்பன் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்து பேசுகிற மனுசர் இல்லை அவர். அன்றைக்கு என் பக்கம் குனிந்து சொன்னார்.

"மதினி, அது எங்க அக்கா மகன்."

"நீங்க வளத்த பயலா? அடையாளமே தெரியலையே."

"ஆமா. நம்ம பய."

அந்த 'நம்ம பய'வில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

முத்துக்கருப்பனின் ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. அவருடைய அக்கா புருசன் கிணறு வெட்டுகையில் மண் சரிந்து போய்ச் சேர்ந்தார். அக்கா அதற்கப்புறம் ரெண்டு வருசம் இருந்தாள், மஞ்சக்காமாலையில் போனாள். மிஞ்சியது ரெண்டு பிள்ளைகள். பெரியவள் சின்னத்தாய், அடுத்தவன் நல்லகாமன்; வீட்டில் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டதால் அந்தப் பேர் என் காதில் விழுந்ததில்லை. அப்போது முத்துக்கருப்பனுக்கே கல்யாணம் ஆகவில்லை. என் தங்கச்சி வாழ்க்கைப்பட்டுப் போனபோது வீட்டில் இந்த ரெண்டும் தயாராக இருந்தன. அவளும் முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு ஒரே பெண், தாமரைச்செல்வி. அவள் பிறந்த அன்றைக்கே ஊர் சொல்லிவிட்டது, நல்லகாமனுக்கு முறைப்பொண்ணு பிறந்துவிட்டாள் என்று.

நல்லகாமன் பத்தாவதில் கணக்கில் விழுந்தான். காளவாசலில் ஒரு அச்சாபீஸில் எழுத்துக் கோக்க வந்து சேர்ந்தான். முதலாளி ராஜாராம், சௌராஷ்டிரக்காரர், நல்ல மனுசர், சிக்கனம். வாழ்த்துமடல் எழுதிக் கொடுத்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் வராமல் போகவும், "நீ எழுதேன். தாள் பூரா நெறையணும். பாதித் தாள் வெள்ளையா இருந்தா பார்ட்டி சண்டைக்கு வந்துருவான்" என்று முதலாளி சொன்னாராம். இவன் பாட்டே அப்படித்தான் ஆரம்பித்தது. தாளை நிரப்ப அடுக்கினான். பூவை அடுக்கினான், பழத்தை அடுக்கினான், பந்தியில் என்னென்ன வைத்தார்கள் என்று அடுக்கினான். ஊரில் அவன் பாட்டுக்கே 'நல்லகாமன் அடுக்கு' என்று பேர் வந்துவிட்டது.

காளவாசலில் இருந்து எங்கள் திருப்பரங்குன்றத்துக்கு ஒரே பஸ். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்துவிடுவான். என்னைப் பெரியத்தை என்பான். நான் சமைத்துக்கொண்டே இருப்பேன், அவன் அடுப்படி நிலையில் உட்கார்ந்து எழுதியதைச் சொல்லிப் பார்ப்பான்.

"பெரியத்தை, பந்திப் பாட்டு கேளுங்க. கத்தரிக்காக் கூட்டு, வாழக்காப் பொரியல், வெண்டக்காப் புளிக்கொழம்பு, அவரக்காப் பருப்பு, சேனக்கெழங்கு வறுவல், பூசணிக்காப் பச்சடி..."

"ஏண்டா, சந்தைக்குப் போன மாதிரி இருக்கு."

"எந்தக் காயில உங்களுக்குக் காது அடச்சுச்சு?"

யோசித்துப் பார்த்தேன். "அவரக்கா வரைக்கும் கேட்டேன். அப்புறம் நீ சத்தம் போட்டுக்கிட்டு இருந்த."

"அம்புட்டுத்தான். மூணு வரைக்கும் வாயில ருசி தெரியுது. நாலாவதுல மனுசன், 'சரி, நெறையப் போட்டிருக்காக'ன்னு முடிவு பண்ணிருறான். அதுக்குமேல காய்க்குப் பேரு கெடயாது, வெறும் எண்ணிக்கைதான். இப்ப கேளுங்க. கத்தரிக்காக் கூட்டு, வாழக்காப் பொரியல், வெண்டக்காப் புளிக்கொழம்பு, உப்புப் போட மறந்த ரசம்..."

நான் சிரித்துவிட்டேன்.

"பாத்தீகளா, முழிச்சுக்கிட்டீக. இனி இன்னும் நாலு காய் சொல்லலாம். கேப்பீக."

நையாண்டி அடுக்குக்கு அவன் சொன்ன வழி வேறு. பெரிசு பெரிசாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும், எல்லா வரிக்கும் ஒரே வால் இருக்க வேண்டும், வந்துருச்சு வந்துருச்சு என்று. அந்த வால் கேட்கிறவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அடுத்ததும் பெரிசுதான் என்று அண்ணாந்து பார்க்கும்போது ஒரு சுண்டைக்காயை வைக்க வேண்டும். "ஏத்துனதுதான் சிரிப்பு பெரியத்தை, எறக்குனது இல்ல. சுண்டைக்காயைத் தனியா வச்சா எவன் சிரிப்பான்?" என்பான்.

ஐந்தாறு வருசம் இப்படியே ஓடியது. உசிலம்பட்டியில் இருந்து திருமங்கலம் வரை அவனைக் கூப்பிட்டார்கள். அவன் மைக் முன்னால் வந்தாலே சனம் கடைசி வரிக்காகச் சிரிக்கத் தயாராக உட்காரும். மேளக்காரர்களுக்குக்கூடப் பழகிவிட்டது, கடைசி வரி முடிந்ததும் ஒரு உருட்டு உருட்டுவார்கள்.

தொண்ணூற்றாறில் சின்னத்தாய் தன் மகளுக்குக் காதணி விழா வைத்தாள். அவள் புருசன் பேயாண்டி தேவலாம். பேயாண்டியின் அண்ணன் விருமாண்டி இருக்கிறானே, லாரி வைத்திருக்கிறவன், அவனுக்கு வாயும் லாரி மாதிரி. "எங்க வீட்டுக்கு வந்த பொண்ணு தாயில்லாப் பொண்ணு, நாங்க பாத்து எடுத்தோம்" என்று நாலு பேர் முன்னால் சொல்வான். முத்துக்கருப்பன் காதில் விழவே சொல்வான். அந்த மனுசருக்குச் சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? லாரி உண்டா, கிணறு உண்டா, சபையில் பதவி உண்டா? ஒரு துண்டு மானாவாரி. ரெண்டு பிள்ளைகளை ஆளாக்கினார், அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிய முடியுமா.

விழா முடிந்த சாயங்காலமே அதே பந்தலில் தாமரைச்செல்வியை நல்லகாமனுக்கு நிச்சயம் பண்ணுவதாகப் பேச்சு. அதனால் அவனுக்கு அந்த வாழ்த்துமடல் மற்றதைப் போல இல்லை. சபையில் மாமனை உட்கார வைக்க வேண்டும். விருமாண்டி வகையறா முன்னால், ஊர் முன்னால், இவர் யார் என்று தெரிய வேண்டும். அதற்கு அவனிடம் இருந்தது பாட்டு ஒன்றுதான்.

முதலில் எழுதியதைச் சொன்னான். வந்த சொந்தங்களை வரிசையாக அடுக்கியிருந்தான், ஒவ்வொருத்தருக்கும் ஒரு பட்டம். முத்துக்கருப்பன் முறை வந்தபோது, 'குன்று போல மனசுள்ள குணத்தங்கம் முத்துக்கருப்பன்' என்று வந்தது. அவனே நிறுத்திவிட்டான்.

"செரியில்ல பெரியத்தை."

"நல்லாத்தானேடா இருக்கு."

"இதே குன்று நாட்டாமை வீரணனுக்கும் குடுத்திருக்கேன். தங்கம் ரெண்டு பேருக்குக் குடுத்திருக்கேன். அடுக்குல உக்காந்துட்டா எல்லாரும் ஒரே ஒசரம். பந்திக்கு எல போட்ட மாதிரி. எங்க மாமனும் ஒரு எலயில உக்காந்திருக்காரு, அம்புட்டுத்தான் தெரியுது. இன்னும் பெரிய பட்டமாப் போட்டா, இன்னும் பெரிய எல."

ரெண்டு வாரம் ஆளைக் காணோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். நான் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தேன். நிலையில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னான்.

லாரி எட்டு ஓட்டிவரும்
ராசா மகன் விருமாண்டி
உறுமி கொட்ட வந்தாக
ஊரு மெச்ச வந்தாக
நாலு கெணறு நஞ்சையுள்ள
நாட்டாமை வீரணன்
மாலையோட வந்தாக
மகுடம் போல வந்தாக

அப்படியே இருபது பேர் போனார்கள். வந்தாக, வந்தாக என்று அலை அலையாக ஏறியது. வெள்ளைக் குதிரையும் வெண்சாமரமும் வந்தன. எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் நிறுத்தினான். ஒரு மூச்சு விட்டான். ரொம்பச் சாதாரணமாக, வாசலில் யாரையோ பார்த்துவிட்டு உள்ளே சொல்லுகிற மாதிரிச் சொன்னான்.

"எங்க மாமன் வந்தாரு."

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. பாட்டு முடிந்துவிட்டது. என் கை கரண்டியோடு நின்றுவிட்டது. அத்தனை பேரும், லாரியும் கிணறும் குதிரையும், காத்தில் பறந்துபோய், வேட்டியை மடித்துக்கட்டி அந்த மனுசர் மட்டும் வாசலில் நிற்கிறதாக எனக்குத் தெரிந்தது. அம்மையும் அப்பனும் இல்லாத ரெண்டு பிள்ளைகள் திண்டாடி நிற்கிற வீட்டுக்குள் அவர் நுழைகிறார். 'எங்க மாமன் வந்தாரு' என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் சொல்லுகிறது.

"பட்டமெல்லாம் பட்டம் வேண்டியவுகளுக்கு. இவருக்குப் பேருகூட வேணாம் பெரியத்தை. மாமன்னா எனக்கு ஒருத்தர்தான்" என்றான்.

குழம்பு அடிப்பிடித்து வீடெல்லாம் நாறியது.

விழா அன்றைக்குப் பந்தல் நிறைய ஆள். விருமாண்டி வகையறா ரெண்டு லாரியில் வந்து இறங்கியிருந்தார்கள். முத்துக்கருப்பனும் என் தங்கச்சியும் சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் இருந்து நடந்தே வந்தார்கள். அவரை முன்வரிசையில் உட்கார வைத்தான் நல்லகாமன். புதுத்துண்டு போட்டுவிட்டான். பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தியாயிற்று. மைக்கை வாங்கினான்.

ஒவ்வொரு பேருக்கும் அந்தந்த வகையறா விசில் அடித்தது. விருமாண்டி பேர் முதலில் வந்ததும் அவன் எழுந்து நின்று கும்பிட்டான். வீரணன் மீசையைத் தடவினார். உறுமிக்காரர் ஒவ்வொரு 'வந்தாக'வுக்கும் ஒரு இழுப்பு இழுத்தார். ஏறிக்கொண்டே போனது. நான் பெண்கள் பக்கத்தில் இருந்து சனத்தின் முகங்களைப் பார்த்தேன். எல்லா முகமும் ஒரே மாதிரி மலர்ந்து இருந்தது. அவர்கள் சுண்டைக்காய்க்குக் காத்திருந்தார்கள். ஐந்தாறு வருசமாக இவன் பழக்கிய பழக்கம்.

நல்லகாமன் நிறுத்தினான். மூச்சு விட்டான்.

"எங்க மாமன் வந்தாரு."

உறுமிக்காரர் உருட்டிவிட்டார். பந்தல் பூராவும் சிரிப்பு. பின்னால் நின்ற இளவட்டங்கள் கைதட்டின. விருமாண்டி எழுந்து சத்தமாகக் கேட்டான்.

"அது சரி மாப்ள. எட்டு லாரிக்குப் பின்னாடி உங்க மாமன் நடந்தே வந்து சேந்துட்டாராக்கும்."

மறுபடியும் சிரிப்பு. நடந்து வந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்களே. நல்லகாமன் மைக்கைப் பிடித்து, "சிரிக்காதீக, இது அது இல்ல, சிரிக்காதீக" என்றான். அதுவும் பாட்டுதான் என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள்.

முத்துக்கருப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மடித்து நாற்காலிக்கையில் தொங்கவிட்டார். எழுந்துபோய்ப் பிள்ளையின் தலையில் கைவைத்தார். சின்னத்தாயிடம், "வாரேன் ஆத்தா" என்றார். அவள், "மாமா, சாப்புடாம..." என்று கையைப் பிடித்தாள். அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டு நடந்தார். என் தங்கச்சி பின்னாலேயே போனாள். தாமரைச்செல்வி மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலம் நிச்சயம் நடக்கவில்லை. பந்தலைப் பிரித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து என்னைக் கூட்டிக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போனான். அவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு இருந்தார். இவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"எந்திரி. எதுக்கு இதெல்லாம்?"

"மாமா, நான் உங்களச் சிரிக்க வைக்க எழுதல."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ என்னக் கேலி பண்ண மாட்டேன்னு எனக்குத் தெரியாதா. வளத்தவன்டா நான்."

"அப்பறம் என்ன மாமா?"

"ஊருக்கெல்லாம் ஆறு வார்த்த போட்ட. எனக்கு ஒண்ணு. உனக்கு வார்த்தைக்கா பஞ்சம்? எனக்கும் ஒரு குதிரை குடுத்தா கொறஞ்சா போயிருவ?"

"குதிரை குடுத்தா நீங்களும் அவுகள்ல ஒருத்தரா ஆயிருவீக மாமா. அதுனாலதான் கடைசியா, தனியா..."

"ஒருத்தனா ஆனா என்ன?" என்று அவர் கேட்டார். குழையைக் கீழே வைத்துவிட்டார். "அவுகள்ல ஒருத்தனா ஒரு நாளாச்சும் உக்காரணும்னு எனக்கு இருக்காதா? உங்க ரெண்டு பேருக்காக எத்தன சபையில பின்னாடி நின்னேன். நீயும் என்னத் தனியாத்தான் நிப்பாட்டுன."

அடுக்கில் ஒரு ஆளைக் கடைசியில் தனியாக நிறுத்தினால் எல்லாரையும்விட மேலே நிறுத்தியதாகவும் ஆகும், வெளியே நிறுத்தியதாகவும் ஆகும். எது என்பதைப் பாடுகிறவன் தீர்மானிக்க முடியாது போல. கேட்கிறவன் இத்தனை நாள் எங்கே நின்றானோ அங்கே இருந்துதான் கேட்பான்.

அதோடு விட்டிருந்தால் காலம் ஆற்றியிருக்கும். என் தங்கச்சி, "கொஞ்ச நாள் போகட்டுமே அக்கா, மனுசருக்கு எறங்கும்" என்றுதான் சொன்னாள். இவனுக்குப் பொறுக்கவில்லை. வார்த்தை குறைந்துதானே குற்றமாகிவிட்டது, நிறையக் கொடுப்போம் என்று நினைத்தான். ஒரு மாதம் உட்கார்ந்து மாமனுக்கென்றே ஒரு பாட்டு எழுதினான். அவர் செய்தது ஒவ்வொன்றையும் அடுக்கினான். மஞ்சள் தாளில் தன் கையால் எழுத்துக் கோத்து அச்சடித்து எடுத்துவந்தான். அன்றைக்கும் நான் கூடப் போனேன்.

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். இவன் எதிரில் நின்று வாசித்தான்.

தாயி மூச்சு நின்ன அன்னைக்குத்
தண்ணி மொண்டு தந்தீக
காச்சக் கண்ட நாளெல்லாம்
தோளுல போட்டு நடந்தீக
சிலேட்டு ஒடஞ்சு அழுதப்பச்
சந்தைக்கு ஓடி வாங்குனீக

முதல் வரிகளில் அவர் முகம் இளகியது. தோளில் போட்டு நடந்ததற்குக் கை தானாகத் தோளுக்குப் போனது. நான் தாமரைச்செல்வியைப் பார்த்தேன். அவள் கதவுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது. செருப்பு வாங்கித் தந்தீக, சீப்பு வாங்கித் தந்தீக, பஸ்ஸு ஏத்தி விட்டீக, பரிச்சை நாளு வந்தீக, பண்டம் வாங்கித் தந்தீக. ஒவ்வொன்றும் உண்மைதான். தந்தீக, தந்தீக என்று வால் மட்டும் ஓங்கி ஓங்கி விழுந்தது. சீப்பும் தோளும் ஒரே அளவாகிவிட்டன. அவர் முகம் மெல்ல மெல்ல இறுகியது. பாதியில் கையைக் காட்டினார்.

"போதும் நிறுத்து."

"இன்னும் இருக்கு மாமா."

"எம்புட்டு இருக்கு?"

"ரெண்டு பக்கம்."

"ரெண்டு பக்கந்தானா நான்?"

அவன் தாளைக் கீழே இறக்கினான்.

"எண்ணி முடிச்சிட்டல்ல? எண்ணி முடிச்சா முடிஞ்சு போச்சுடா. நான் எண்ணியா செஞ்சேன்? சீப்பு வாங்குனதெல்லாம் எழுதியிருக்க. ஒன் ஆத்தாளத் தூக்கிட்டுப் போகையில நீ பாத்துறக் கூடாதுன்னு ஒன்னக் கம்மாக்கரைக்குக் கூட்டிட்டுப் போயி, மீன் காட்டிக்கிட்டே நின்னேன். எங்கூடப் பெறந்தவளுக்கு நான் தோள் குடுக்கல. கடைசியா மொகத்தப் பாக்கல. அது எங்க இருக்கு இதுல?"

"எனக்குத் தெரியாது மாமா."

"தெரியாதுல்ல. அப்ப இது எதுக்கு? இதுல உள்ளதுதான் நான்னு நாளைக்கு எவனாச்சும் படிக்கட்டும்னா? எழுதாம விட்டிருந்தா அம்புட்டும் இருந்திருக்கும்."

தாளை வாங்கினார். கிழிக்கவில்லை. நாலாக மடித்து அவன் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

"போயிட்டு வா. அத்த சோறு போடுவா, சாப்ட்டுட்டுப் போ."

அவன் சாப்பிடாமல் வந்துவிட்டான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து செக்கானூரணி தாண்டும்வரை அந்த மஞ்சள் தாளை விரித்து விரித்து மடித்தான். பிறகு, "ஒண்ணும் சொல்லாம விட்டதும் தப்பு, எல்லாத்தையும் சொன்னதும் தப்பு. நடுவுல எங்க நிக்கச் சொல்றாரு பெரியத்தை?" என்றான். நான், "வீட்டுக்குப் போயிக் கொஞ்சம் படு" என்றேன். வேறென்ன சொல்ல.

அடுத்த தை பிறந்ததும் தாமரைச்செல்விக்கு உசிலம்பட்டிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். அசோக்குமார் என்று ஒரு பையன், மினிபஸ்ஸில் கண்டக்டர். அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. என்னிடம் மட்டும், "பெரியம்மா, அவரு அன்னைக்குப் பந்தல்ல சொன்ன ஒரு வரியோட நிறுத்தியிருந்தா நானே அப்பாட்ட பேசியிருப்பேன்" என்றாள்.

கல்யாணத்துக்கு நல்லகாமன் வரவில்லை. வாழ்த்துமடலை உசிலம்பட்டியில் கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். பட்டமெல்லாம் அதிலேயே தயாராக இருக்குமாம், பேரை மட்டும் மாற்றினால் போதுமாம். மாப்பிள்ளையின் சித்தப்பா வாசித்தார். பண்பாளர் இன்னார், பாசமிகு இன்னார், கொடைவள்ளல் இன்னார் என்று பத்திருபது பேர். எட்டாவதோ ஒன்பதாவதோ, 'அருங்குணச்செல்வர் அஞ்சாநெஞ்சர் முத்துக்கருப்பன் அவர்கள்' என்று வந்தது. அடுத்த பேருக்கும் அஞ்சாநெஞ்சர்தான். யாரும் கேட்கவில்லை, எல்லாரும் பந்திக்கு எழுந்துகொண்டிருந்தார்கள். முத்துக்கருப்பன் கேட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்தார். அவர் சிரித்ததை நான் பார்த்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை அவருக்கு என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

நல்லகாமன் பாட்டு எழுதுவதை விட்டான். கூப்பிட்ட ஆட்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டான். ராஜாராமும் ரெண்டாயிரத்துக்கு முன்னாலேயே எழுத்துப் பெட்டிகளை எடைக்குப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினார். "கத்துக்கடா, ஒரு மாசத்துல வந்துரும்" என்று சொல்லிப் பார்த்தார். இவன் கேட்கவில்லை. சின்னத்தாய் ரெண்டு இடத்தில் பெண் பார்த்தாள், அதற்கும் பிடி கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் திருப்பரங்குன்றத்தில் என் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டு இருந்தான். அடுப்படி நிலையில் உட்காருவான், போட்டதைச் சாப்பிடுவான். நான்தான் எதையாவது பேசிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "அன்னைக்கு அடுப்படியில நான் சொன்னப்ப, ஒங்களுக்கு வெளங்குச்சுல்ல?"

"வெளங்குச்சு."

"நெசமாவா, எனக்காகச் சொல்றீகளா?"

"கொழம்பு கருகுனது பொய்யா?"

தலையை ஆட்டினான். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் வரவில்லை.

முத்துக்கருப்பன் இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கிவிட்டது. நல்லகாமனைப் பற்றி அவராக யாரிடமும் கேட்பதில்லை. நல்லகாமன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலையில் இருக்கிறான்.